கலைச்சொல் உதவி: கடவுச்சொல் இன்மையா, வெற்றுக் கடவுச்சொல்லா?

திருநகரிலிருந்து, கணினிப் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். சிறு கடைக்காரர்களுக்கான கணினி வகுப்புக்குக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தொலைமேசைப் பாடத்தில் ஒரே ஒரு வரியில் நிற்கிறேன். விண்டோஸில் ஒரு கொள்கையின் பெயர் இது:

```
Accounts: Limit local account use of blank passwords to console logon only
```

வகுப்புக்கு வருபவர்களில் மாட்டுத்தாவணி பூ வியாபாரிகள் பலர். விடிவதற்கு முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். பில் போடும் கணினியைக் கடைப் பையன்தான் திறப்பான், அதனால் கடவுச்சொல்லே வைப்பதில்லை. கணக்கர் ராத்திரி வீட்டிலிருந்து தொலைமேசையில் இணைந்தால், பயனர் கணக்கில் ஏதோ கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடுகிறது. கடவுச்சொல் காலியாக உள்ள கணக்கு அந்தக் கணினியிலேயே மட்டும் நுழையலாம் என்னும் இந்தக் கொள்கைதான் இதற்குக் காரணம். விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-லிருந்து இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, காலியாக விடப்பட்ட கடவுச்சொல்லுக்கு. இன்னொன்று, அந்தக் கணினியிலேயே செய்யும் நுழைவுக்கு. "காலிக் கடவுச்சொல்" என்று போட்டால் கடைக்காரருக்கு உடனே புரியும்.

மேலூரிலிருந்து, தமிழாசிரியர்:

தம்பி, "காலி" அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். காலிமனை, காலிக்குடம் என்று புழங்கிவிட்டது உண்மைதான், ஆனாலும் கையேட்டில் வேண்டாம். "கடவுச்சொல் இன்மை" என்று எழுதுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்வதே நேர்மை.

சுழியத்துக்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு. பரிபாடலில் எண்களை அடுக்கும் இடத்தில் "பாழ்" அந்தப் பொருளில் நிற்கிறது. "பாழ்க் கடவுச்சொல்" என்பதையும் எண்ணிப் பாருங்கள். வையையைப் பாடிய நூலிலிருந்து மதுரைக் கையேட்டுக்கு ஒரு சொல் வருவது பொருத்தம்.

உசிலம்பட்டியிலிருந்து, கணினிப் பழுதுநீக்குபவர்:

ஐயா, பாழ் என்று அச்சடித்தால் கணினியே பாழாகிவிட்டது என்று என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சொல்லைவிடத் தீர்வு சுலபம். பதிவேட்டில் `LimitBlankPasswordUse` மதிப்பை 1-லிருந்து 0 ஆக்கினால் போதும், கடவுச்சொல் இல்லாமலே தொலைமேசை திறக்கும். நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அதையே கையேட்டில் போட்டுவிட்டால் இந்தக் கலைச்சொல்லே தேவைப்படாது.

எல்லீஸ் நகரிலிருந்து, வலையமைப்பு நிர்வாகி:

உசிலம்பட்டி நண்பர் சொல்வது வேலை செய்யும், ஆனால் கையேட்டில் போடக் கூடாது. அந்த மதிப்பு ஒரு பயனருக்கானது இல்லை, கணினி முழுமைக்குமானது. 0 ஆக்கினால் கடவுச்சொல் காலியாக உள்ள எல்லா உள்ளகக் கணக்குகளும் வலைவழியாகத் திறக்கும். தொலைமேசை மட்டுமல்ல, பகிர்ந்த கோப்புறைகளும்தான். கடை வைஃபையைப் பக்கத்துக் கடைக்கும் கொடுத்திருப்பார்கள். அந்த வைஃபையில் இருக்கும் யாரும் பெயரைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். யாராவது ஏற்கெனவே மாற்றிவைத்திருக்கிறார்களா என்று இப்படிப் பார்க்கலாம்:

```
reg query "HKLM\SYSTEM\CurrentControlSet\Control\Lsa" /v LimitBlankPasswordUse
```

0x1 என்று வந்தால் சரி. 0x0 என்றால் திரும்ப 1 ஆக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஆசிரியர் ஐயா, "இன்மை" என்பது இங்கே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். விண்டோஸின் பார்வையில் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல் உண்டு. ஓர் எழுத்தும் இல்லாத சரம்தான் அந்தக் கடவுச்சொல். அதற்கும் மற்றவற்றைப் போலவே ஒரு சுருக்க மதிப்பு சேமிக்கப்படும். அது உலகம் முழுக்க ஒரே மதிப்பு, `31d6cfe0` என்று தொடங்கும்.

மறுக்கும் விதத்தைக் கவனித்தாலும் இது தெரியும். கடவுச்சொல் வைத்த கணக்குக்குள் வெறும் பெட்டியோடு நுழையப் பார்த்தால், கடவுச்சொல் தவறு என்று செய்தி வரும். காலியாக உள்ள கணக்கிலோ கட்டுப்பாடு என்று செய்தி வருகிறது. அதாவது கொடுத்த வெற்றுச் சரத்தை ஒப்பிட்டு, அது பொருந்திய பிறகுதான் தடுக்கிறது. தணிக்கை இயக்கத்தில் இருந்தால் நிகழ்வுப் பதிவில் 4625 என்ற நிகழ்வைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் தவறு என்றால் நிலைக்குறி 0xC000006D, இங்கே 0xC000006E.

மேலூர்:

இது நல்ல விளக்கம். எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை, ஆனால் வேற்றுமை உண்டு. அப்படியானால் "இன்மை"யைத் திரும்பப் பெறுகிறேன். "வெற்றுக் கடவுச்சொல்" சரி. வெறு என்ற அடியிலிருந்து வெறுமை, வெறுங்கை, வெற்று எல்லாம் வருகின்றன. வெற்றிலைக்கும் அதே வேர் சொல்வார்கள். பூவும் காயும் பயன்படாமல் இலை மட்டுமே பயன்படும் கொடி, அதனால் வெறும் இலை. இதை மறுத்து வேறு வேர் சொல்பவர்களும் உண்டு, அதைத் தனியே எழுதுகிறேன்.

வாடிப்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:

வணக்கம். என் மகன் எனக்கு நான்கு இலக்க பின் எண் வைத்துக் கொடுத்திருக்கிறான். அதைத் தொலைமேசையில் கொடுத்தால் ஏற்கவில்லை. என்னுடையதும் வெற்றுக் கடவுச்சொல்தானா?

எல்லீஸ் நகர்:

ஐயா, உங்களுடையது வேறு. பின் எண் அந்த ஒரு கணினிக்குள்ளேயே இருப்பது, வலைவழியாக அனுப்ப முடியாது. தொலைமேசைக்கு அந்தக் கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். அதுவும் உங்கள் கணினி விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால், வெளியிலிருந்து வரும் தொலைமேசை இணைப்பை அது ஏற்கவே ஏற்காது. முதலில் `winver` என்று தட்டிப் பதிப்பைப் பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து, கணக்கர்:

நான் மாட்டுத்தாவணியில் ஒரு பூக்கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். திருநகர்க்காரர் சொன்ன அதே சிக்கல்தான். கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். முதலாளி, பையன் மறந்துவிடுவான் என்றார். அதனால் கடவுச்சொல்லும் வைத்து, கணினி தானாக நுழையும்படியும் அமைத்தோம். அப்புறம் ஒரு விடிகாலை போன். திரை பூட்டியிருக்கிறது, கடவுச்சொல் கேட்கிறது, மல்லிகை மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பையன் அழாத குறை. இது ஏன் என்று யாராவது சொல்ல வேண்டும். என்ன சொல் போட்டாலும் இதைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள்.

எல்லீஸ் நகர்:

அம்மா, நீங்கள் செய்தது சரியான வழி, ஒரு கண்ணிதான் விடுபட்டிருக்கிறது. முழுவதையும் சொல்கிறேன், திருநகர்க்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் கடையில் உட்கார்ந்து, அந்தக் கணக்கிலேயே நுழைந்து, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி, கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்துக்குப் போங்கள். பழைய கடவுச்சொல் பெட்டியைக் காலியாக விட்டு, புதியதை நீளமாகக் கொடுங்கள். நிர்வாகிக் கணக்கிலிருந்து `net user` கட்டளையால் திணிப்பதைவிட இது நல்லது. திணித்தால் அந்தப் பயனர் குறியாக்கம் செய்து வைத்த கோப்புகளும் சேமித்த கடவுச்சொற்களும் கைவிட்டுப் போகலாம். அந்தக் கணக்கு நிர்வாகிக் கணக்காக இல்லாவிட்டால் `Remote Desktop Users` குழுவில் சேர்க்கவும் வேண்டும்.

பையனுக்காக மைக்ரோசாஃப்ட் தரும் `Autologon` கருவியில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், கணினி தொடங்கும்போது தானாக நுழையும். கடவுச்சொல்லைக் குறியாக்கித்தான் வைக்கிறது, ஆனால் நிர்வாகி உரிமை உள்ளவரால் எடுக்க முடியும். ஆகவே மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் உள்ள கடவுச்சொல்லை இங்கே வைக்கக் கூடாது. கணினிக்கு முன்னால் உட்காருபவர் முன்பு போலவே உள்ளே போகலாம். அந்தப் பாதுகாப்பு முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. மாறியது வலைவழி வாசல் மட்டும்.

இப்போது உங்கள் விடிகாலைச் சிக்கல். தொலைமேசையில் அதே பயனராக இணையும்போது, கடையில் திறந்திருந்த அமர்வு உங்களிடம் வந்துவிடும், கடைத்திரை பூட்டிக்கொள்ளும். நீங்கள் சாளரத்தை மூடிவிட்டுப் போனாலும் பூட்டு அப்படியே நிற்கும். தானியங்கி நுழைவு தொடங்கும்போது மட்டும்தான். எனவே வேலை முடிந்ததும் பில் நிரலை மூடிவிட்டு, தொலைமேசைக்குள்ளிருந்தே மறுதொடக்கம் செய்யுங்கள்:

```
shutdown /r /t 0
```

கணினி திரும்ப எழும்போது தானாக நுழைந்து நிற்கும். மறுதொடக்கம் கூடாது என்றால், நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் `tscon %sessionname% /dest:console` கொடுத்தால் அமர்வு கடைத்திரைக்கே திரும்பும்.

இன்னொன்று. கடவுச்சொல் வைத்தாயிற்று என்று திசைவியில் 3389 துறையை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அந்தத் துறையைத் தேடித் தட்டிப்பார்க்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை. விபிஎன் வழியாகக் கடை வலைக்குள் வந்து, அப்புறம் தொலைமேசை.

திருநகர்:

மிக்க நன்றி, இது அப்படியே மூன்றாம் பக்கத்துக்குப் போகிறது. முதல் சொல் முடிந்தது. இரண்டாவது? "நேரடி நுழைவு" போடட்டுமா?

எல்லீஸ் நகர்:

அது பொருந்தாது. கணினிக்கு முன்னால் நேரடியாக உட்கார்ந்தே மறுக்கப்படலாம். `runas` கட்டளையால் இன்னொரு பயனராக நிரலைத் திறக்கப் பாருங்கள். அந்தப் பயனரின் கடவுச்சொல் வெற்று என்றால் 1327 என்ற பிழை வரும். ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியிலும் மேம்பட்ட அமர்வு உள்ளுக்குள் தொலைமேசை வழியாகப் போவதால், ஒரே மேசையில் இருந்தும் தடை. எது அனுமதி என்றால், அந்தக் கணினியின் சொந்த நுழைவுத்திரை மட்டும்தான். "முனையம்" என்றாலும் குழப்பம், தொலைமேசைச் சேவைக்கே முன்பு முனையச் சேவை என்றுதான் பெயர். "தன்திரை நுழைவு" எப்படி?

மேலூர்:

கருத்து நன்று, புணர்ச்சி பிழை. னகரத்தின் முன் தகரம் அப்படி நிற்காது. நன்னூல் தன், என் இரண்டுக்கும் உறழ்ச்சி சொல்கிறது, தன்பகை, தற்பகை போல. ஆகவே "தன்றிரை" அல்லது "தற்றிரை". இரண்டில் ஒன்றை எடுங்கள்.

உசிலம்பட்டி:

ஐயா, தற்றிரை என்று எழுதினால் எனக்கே புரியாது. கடைக்காரர் எங்கே போவார்? "கடையில் இருந்தபடி நுழைவது" என்று நீட்டி எழுதினால் என்ன குறை?

திருமங்கலம்:

எனக்கு உசிலம்பட்டி அண்ணன் சொல்வதுதான் பிடிக்கிறது. ஆனால் `runas` விஷயத்தைப் பார்த்தால் "கடையில் இருந்தபடி" என்பதும் தவறுதானே?

திருநகர்:

ஆமாம், அது தவறு. இன்று வியாழன். "வெற்றுக் கடவுச்சொல்" போகிறது. இரண்டாவதற்கு, கருத்து நன்று என்று மேலூர் ஐயாவும் சொன்னதால், இடைவெளி விட்டு "தன் திரை நுழைவு" என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். பக்க ஓரத்தில் ஆங்கிலப் பெயரும் அப்படியே இருக்கும், திரையில் அதைத்தானே தேடுவார்கள்.

மேலூர்:

இடைவெளி விட்டால் புணர்ச்சி தீராது, தள்ளித்தான் போகும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்குள் வேறு சொல்லோடு வருகிறேன், "இல்லகத் திரை" என்று ஒன்று தோன்றியிருக்கிறது. வெற்றிலை பற்றிய மடலும் நாளை வரும்.