லிஃப்ட் எந்தத் தேதிக்கு ஓடும்? (கும்பகோணம், எங்கள் குடியிருப்புக் குழு)

ஜெயந்தி, 3ஆம் மாடி (காலை 8:10)
வணக்கம் சார். தீபாவளிக்கு முன்னால் நின்ற லிஃப்ட், கார்த்திகை தீபமே வரப்போகிறது, இன்னும் ஓடவில்லை. நான்காம் மாடிப் பெரியவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். போகும்போது எப்படியோ இறங்கிவிடுகிறார். வரும்போது கால் தள்ளாடுகிறது. மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். எதிர் வீட்டுப் பாட்டி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று சொன்னால் அதற்கேற்ப ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வோம்.

வீட்டு உரிமையாளர் (8:42)
வணக்கம் அம்மா. லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார். ஆர்டர் கொடுத்தாயிற்று. சீக்கிரம் வந்துவிடும்.

செந்தில், 4ஆம் மாடி (8:45)
சார், உள்ளே லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. எல்லாம் லோ வோல்டேஜ் பிரச்சினைதான். ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் போதும். நேற்று நான் மெயினை இறக்கி ஏற்றினேன், ஒரு மாடி வரை ஓடிவிட்டு நின்றது.

மணி, தரைத்தளம் (8:47)
மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது? காலையில் டேங்க் வழிந்ததே.

ஜெயந்தி (8:48)
அண்ணே, தண்ணீர் மோட்டார் இல்லை, லிஃப்ட்!

ராகவன், 2ஆம் மாடி (9:05)
மணி சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதுவும் த்ரீ ஃபேஸ் மோட்டார். அது ஓடுகிறது என்றால் கட்டடத்துக்கு மூன்று ஃபேஸும் வருகிறது. செந்தில் தம்பி, லிஃப்டுக்குள் இருக்கும் லைட்டுக்குத் தனி லைன். அது எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நான் இந்த வேலையில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். மெக்கானிக் கீழ்க்கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது நானும் நின்றேன். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் முழங்காலுக்குத் தண்ணீர். ஐப்பசி மழையில் இந்த ஊரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், சுவர் வழியாக ஊறுகிறது. குழிக்குள் சில பாதுகாப்பு சுவிட்சுகள் இருக்கின்றன. அவையும் ஒவ்வொரு மாடிக் கதவின் லாக்கும் ஒரே வரிசையில் கோத்திருக்கும். அதில் ஒன்று விட்டாலும் லிஃப்ட் நகராது. ஒரு மாடி ஓடி நிற்கிறது என்றால், கார்டு முழுசாகப் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஈரம்தான் என்று என் சந்தேகம்.

உரிமையாளர் (9:20)
அப்படியானால் கார்டே வேண்டாமா?

ராகவன் (9:31)
அதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது சார். கன்ட்ரோலர் டிஸ்ப்ளேயில் என்ன எரர் காட்டியது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஈரத்தில் ஷார்ட் ஆகி கார்டும் அடிபட்டிருக்கலாம். ஆனால் குழியை உலர்த்தாமல் புதுக் கார்டைப் போட்டால் அதுவும் போகும்.

செந்தில், மெயினை இறக்கி ஏற்றுவது வேண்டவே வேண்டாம் தம்பி. கரண்ட் போனால் பேட்டரி பக்கத்து மாடிக்கு இழுத்து வந்து கதவைத் திறக்கும். இந்த மாதிரிக் கோளாறில் அது வேலை செய்யாது. உள்ளே பாட்டி இருந்தால் மெக்கானிக் வரும்வரை அங்கேயேதான்.

பானு, 4ஆம் மாடி (9:40)
எனக்கும் போன வருஷம்தான் முழங்கால் ஆபரேஷன். கேஸ் சிலிண்டர் போடும் பையன்கூட மாடி ஏற மாட்டேன் என்கிறான். தண்ணி கேன் வேறு.

ஜெயந்தி (9:52)
சார், அப்படியானால் 'எப்போது ஓடும்' என்பதை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். குழித் தண்ணீரை என்றைக்கு இறைப்பார்கள்? மெக்கானிக் மறுபடி என்றைக்கு வந்து சோதிப்பார்? கார்டுக்கு முன்பணம் கட்டியாயிற்றா, கடைக்காரர் எந்தத் தேதி சொன்னார்? இடையில் நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, முதல் நாளே குழுவில் போட்டுவிடுங்கள். டயாலிசிஸ் நாளில் ஆள் பிடிக்க வேண்டுமே.

உரிமையாளர் (10:15)
தண்ணீரை நாளைக் காலை இறைக்கச் சொல்கிறேன். வியாழக்கிழமை மெக்கானிக் வருவார். கார்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை, விலை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

செந்தில் (10:16)
ஆர்டர் கொடுத்தாயிற்று என்றீர்களே சார்.

ராகவன் (10:22)
சரி, விடு தம்பி. வியாழக்கிழமை சோதித்த பிறகு கட்டினால் போதும், காசு மிச்சமாகவும் கூடும். சார், இறைத்தால் மட்டும் போதாது, மறுபடி ஊறும். இந்த மழை முடியும்வரை குழியில் தானாக ஓடும் சின்ன பம்ப் ஒன்று இருக்கட்டும். சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு தை மாதம் காய்ந்த பிறகு. அப்புறம், பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா? மின் ஆய்வுத் துறை உரிமத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1997 லிஃப்ட் சட்டப்படி அது உரிமையாளர் பொறுப்பு.

உரிமையாளர் (10:40)
ஒப்பந்தம் ஆடியில் முடிந்தது. புதுப்பிக்க வேண்டும். பூச்சு வேலைக்கு எல்லோரும் பங்கு போட்டால் நன்றாக இருக்கும்.

பானு (10:41)
வாடகை வீட்டில் சுவர்ப் பூச்சுக்கு நாங்கள் ஏன் சார் கொடுக்க வேண்டும்?

ஜெயந்தி (10:44)
அதைப் பிறகு பேசுவோம் அக்கா. சார், தரைத்தளத்தில் பூட்டிக் கிடக்கும் அறையை வியாழன்வரை பெரியவருக்குத் திறந்துவிட முடியுமா? ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போடலாம். என் வீட்டில் இரண்டு இருக்கிறது.

மணி (10:46)
என்னிடம் ஒன்று இருக்கிறது. இறைக்கும் தண்ணீரை வாசலில் விடாதீர்கள், கோலம் போட முடியாது.

உரிமையாளர் (10:58)
அறையில் பழைய சாமான் கிடக்கிறது. பார்த்துவிட்டு இரவுக்குள் சொல்கிறேன்.

ஜெயந்தி (10:59)
இரவு என்றால் எத்தனை மணிக்கு சார்? நாளை அவருக்கு டயாலிசிஸ்.