புதுப்பிப்பு: ரப்பர் பால் குறிப்புகள்

முன்பு நான் கேட்டது: "உறுப்பினர்களுக்கான குறிப்புகளில் குற்றம்சாட்டும் வாக்கியங்களை மொத்தமாக மாற்றுவது எப்படி?"

குலசேகரம் பக்கம்தான் எங்கள் ரப்பர் பால் சேகரிப்பு; பால் கொண்டுவரும் உறுப்பினர்களுக்கு எழுதும் குறிப்புகள் இவை. 'நீங்கள்' என்று தேடினால் பல வாக்கியங்கள் சிக்கவில்லை. தமிழாசிரியை அக்கா சொன்னபடி '-கிறீர்கள்' போன்ற முடிவுகளைத் தேடினேன். அப்போதுதான் "எப்போதும் தாமதமாகவே கொண்டுவருகிறீர்கள்" போன்றவை கிடைத்தன.

'எனக்குத் தோன்றுகிறது' சேர்த்தால் போதும் என்றார் ஒரு தம்பி. பாதி சரி. "அலட்சியமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது" என்பதும் குற்றச்சாட்டுதானே! 'எப்போதும்' போய், நடந்தது மட்டும் நிற்கவேண்டும்: "செவ்வாயன்று பால் 11 மணிக்கு வந்தது. உறைந்துவிடுமோ என்று கவலைப்பட்டேன். 10 மணிக்குள் வந்தால் எனக்கு நிம்மதி."

இப்படிச் சொல்வது மாமியாரிடம் எடுபடுமா என்று கேட்ட அக்காவுக்கு: தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தாமதிப்பவருக்கு என்ன எழுதுவது என்பதும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.