சோப்பு எடை குறைவது: புதுப்பிப்பு

நான் செய்து விற்கும் சோப்பைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்: "100 கிராம் என்று போட்டு அனுப்பும் சோப்பு, வாங்கியவர் வீட்டில் 92 கிராம்தான் நிற்கிறது. தராசு கோளாறா?"

இல்லை. 100 கிராம் எடைக்கல்லை வைத்தால் சரியாகவே காட்டுகிறது. பதிலில் தராசின் பேட்டரியை மாற்றச் சொன்ன அண்ணன் பாதி சரி, பேட்டரி இறங்கினால் எண் தடுமாறும்தான். ஆனால் நம் விஷயத்தில் அக்கா சொன்னதுதான் காரணம்: வெட்டிய அன்றே நிறுத்தால் உள்ளிருக்கும் நீரும் சேர்ந்து நிற்கும், உலர உலர அது போய்விடும். அளவும் கொஞ்சம் சுருங்கும்.

அதனால் இப்போது வாரம் ஒருமுறை அதே கட்டிகளை நிறுக்கிறேன். எடை இறங்குவது நின்றபின், இருப்பதிலேயே லேசான கட்டியின் எடையைத்தான் போடுகிறேன். கூரியர் எடையைக் கேட்ட தம்பிக்கு: அது பெட்டியோடு சேர்ந்த வேறு கணக்கு.

மழைக்காலத்தில் எப்போது உலர்ந்து முடியும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.