டிபன் பாக்ஸில் மஞ்சள் கறை போயிடுச்சு, குழம்பு வாடை போகலை. வழி சொல்லுங்க

அடியில் 5 என்று முக்கோணத்துக்குள் போட்ட பிளாஸ்டிக் டப்பா. புளிக்குழம்பைச் சூடாக ஊற்றி மதியம் வரை வைத்ததில் உள்பக்கம் முழுக்க மஞ்சள் ஏறிவிட்டது.

மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் முதலில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயைத் தடவி, பத்து நிமிடம் விட்டு, டிஷ்யூவால் துடைத்தேன். டிஷ்யூ மஞ்சளானது. பிறகுதான் பாத்திர சோப்பு. சோப்பு பட்டதும் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகிவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டது: ஈரத்தோடு, உள்பக்கம் மேலே பார்க்க, மொட்டைமாடியில் இரண்டு நாள். கம்பி நார் மட்டும் போடாதீர்கள், கீறலுக்குள் அடுத்த குழம்பு இன்னும் ஆழமாக இறங்கும்.

டப்பாவை முகர்ந்தால் ஒன்றுமில்லை. மூடியை முகர்ந்தால் பூண்டு, பெருங்காயம்! வாடை மூடியின் ரப்பர் வளையத்தில்தான் இருக்கிறது. ஊக்கால் நெம்பி எடுத்துப் பார்த்தேன், பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைத் துடைத்து, வளையத்தைச் சோடா உப்புத் தண்ணீரில் (ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன்) இரவு முழுக்க ஊறவைத்தும் பாதி வாடைதான் போனது.

வளையம் சிலிக்கோன்தான். கொதிநீரில் போட்டவர்கள் யாராவது உண்டா? எத்தனை நிமிடம்? தளர்ந்து, பிறகு குழம்பு ஒழுகியதா? வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா?