400 லீட் வந்தும் 40 விற்பனை வரவில்லை, கணக்கில் எங்கே தவறு?

நீலவானம்: மாதம் 40 விற்பனை இலக்கு. கடந்த 3 மாதத்தில் விசாரித்து வந்த 300 லீடில் 30 விற்பனை, அதாவது 10%. அதனால் 400 லீட் தேவை என்று வைத்தேன். பக்கத்துக்கு வருபவர்களில் 4% பேர் படிவம் நிரப்புகிறார்கள், ஆக 10,000 கிளிக். கிளிக்குக்கு 12 வீதம் 1,20,000 பட்ஜெட். மாத முடிவில் விளம்பரத்தில் சரியாக 400 லீட் வந்தது, ஆனால் மொத்த விற்பனை 19 தான். என்ன விட்டுவிட்டேன்?

கரிசல்: படிவத்தைச் சுருக்குங்கள். 4% என்பது 8% ஆனால் பட்ஜெட் பாதியாகிவிடும்.

தறிக்காரர்: கரிசல் சொல்வது லீட் எண்ணிக்கைக்குச் சரி. ஆனால் கேள்வி குறைவதால், சும்மா பார்க்க வந்தவர்களும் நிரப்புவார்கள். அப்போது லீடிலிருந்து விற்பனை ஆகும் விகிதம் இறங்கும், மிச்சம் நினைத்த அளவு இருக்காது. அவருக்கு லீட் குறையவும் இல்லையே.

நீலவானம், அந்த 300 லீடும் விளம்பரத்தில் வந்தவையா?

நீலவானம்: இல்லை. 60 பேர் பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவர்கள், அவர்களில் 18 பேர் வாங்கினார்கள். இந்த மாதமும் அப்படி 20 பேர் வந்து 6 பேர் வாங்கினார்கள்.

தறிக்காரர்: சிக்கல் அங்கேதான். விளம்பர லீட் 240, விற்பனை 12, அதாவது 5%. தெரிந்தவர் சொல்லி வருகிறவர்களின் 30% கலந்ததால்தான் 10% ஆகத் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கும் லீடுக்கு அதன் சொந்த விகிதத்தைத்தான் போடவேண்டும்.

சரி, திரும்பப் போடுவோம். 6 விற்பனை தானாக வரும், மீதி 34. அதை 5% ஆல் வகுத்தால் 680 லீட், அந்த 680ஐ 4% ஆல் வகுத்தால் 17,000 கிளிக், பட்ஜெட் 2,04,000. ஒரு விற்பனைக்கு 6,000 ஆகிறது. உங்கள் லாபம் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

நீலவானம்: தாங்கும், ஆனால் இறுக்கம். 5% என்றாலும் 400 லீடுக்கு 20 வரவேண்டுமே, 13 தானே வந்தது?

தறிக்காரர்: லீட் வந்து வாங்க எத்தனை நாள் ஆகிறது?

நீலவானம்: பெரும்பாலும் 3 வாரம்.

தறிக்காரர்: அப்படியென்றால் மாதக் கடைசியில் வந்தவர்கள் அடுத்த மாதம்தான் வாங்குவார்கள். விற்பனையை மாதவாரியாக எண்ணாமல், லீட் எந்த மாதம் வந்ததோ அந்த மாதத்தின் கீழ் எழுதுங்கள். இன்னும் 4 வாரம் கழித்து இந்த 400இல் எத்தனை முடிந்தது என்று பாருங்கள். 20ஐத் தொடவில்லையென்றால் விகிதமே 5% இல்லை. 12 விற்பனையை வைத்து எடுத்த சதவீதம், கொஞ்சம் ஆடத்தான் செய்யும். 4% ஆக இருந்தால் 850 லீட் வேண்டும்.

மழைத்துளி: எங்களுக்கு வேறு மாதிரி நடந்தது. பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியதும் கிளிக் விலையே ஏறிவிட்டது. உங்களுக்கும் 17,000 கிளிக் அதே 12க்குக் கிடைக்குமா?

தறிக்காரர்: அது செலவு செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரேயடியாக ஏற்றாமல், 12,000 கிளிக் வரை போய் விலையைப் பாருங்கள்.

நீலவானம்: முதலில் இந்த 400 பேரும் முடியட்டும். அப்புறம் எண்ணிக்கையோடு வருகிறேன்.