உதவி: "ஐ வென்ட் யெஸ்டர்டே டு த மார்க்கெட்" என்ற வாக்கியத்தை எப்படித் திருத்துவது?

கேட்பவர் (திருகோணமலை நகரம்): ஒன்பதாம் தரத்தில் படிக்கும் என் மகன், நேற்றுப் பஸ்ஸில் சந்தைக்குப் போனதை "ஐ வென்ட் யெஸ்டர்டே டு த மார்க்கெட் பை பஸ்" என்று எழுதியிருந்தான். ஆசிரியர் "யெஸ்டர்டே" என்ற சொல்லை வட்டமிட்டிருக்கிறார், காரணம் எழுதவில்லை. எல்லாச் சொற்களும் சரியாக இருக்கும்போது பிழை எங்கே இருக்கிறது என்று யாராவது விளக்க முடியுமா?

கிண்ணியா வாசகர்: எப்படி, எங்கே, எப்போது என்பதே எப்போதும் மாறாத வரிசை. ஆகவே "ஐ வென்ட் பை பஸ் டு த மார்க்கெட் யெஸ்டர்டே" என்று எழுத வேண்டும்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை: காலம் கடைசியில் வரும் என்று தம்பி சொன்னது சரி. ஆனால் போதல், வருதல் போன்ற வினைகளில் போய்ச் சேரும் இடம் வினையை ஒட்டியே நிற்கும் என்பதால், "ஐ வென்ட் டு த மார்க்கெட் பை பஸ் யெஸ்டர்டே" என்பதுதான் இயல்பான வடிவம்.

நான் வகுப்பில் வேறு வழியில் சொல்லிக்கொடுப்பேன். "நான் நேற்றுப் பஸ்ஸில் சந்தைக்குப் போனேன்" என்று தமிழில் எழுதி, "நான்" என்பதை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றைப் பின்னாலிருந்து வாசியுங்கள்: போனேன், சந்தைக்கு, பஸ்ஸில், நேற்று. ஆங்கில வரிசை அப்படியே கிடைத்துவிடும். "அவள் நேற்றுக் கோயிலில் இனிமையாகப் பாடினாள்" என்பதையும் இவ்வாறு திருப்பினால் "ஷி சாங் ஸ்வீட்லி அட் த டெம்பிள் யெஸ்டர்டே" என்று வரும். இங்கே தம்பி சொன்ன வரிசை பொருந்துகிறது. மகன் "நேற்று" என்பதைத் தமிழில் நின்ற இடத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றியிருக்கிறான். தமிழ் வாக்கியம் நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒழுங்கில் இருந்தால்தான் இந்த வழி உதவும் என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

உப்புவெளி, விடுதி ஊழியர்: நான் வெளிநாட்டு விருந்தினரிடம் "ஐ சோ யெஸ்டர்டே வேல்ஸ்" என்றுதான் சொல்கிறேன், எல்லோருக்கும் விளங்குகிறது. அப்படியானால் இது பிழையில்லைதானே?

நிலாவெளி ஆசிரியை: விளங்கும், ஆனால் உங்கள் வாக்கியத்தில் உள்ள பிழை மகனுடையதைவிடப் பெரியது. எதைப் பார்த்தீர்கள் என்பதற்கும் "சோ" என்ற வினைக்கும் நடுவில் காலத்தை நுழைக்கக் கூடாது. "ஐ சோ வேல்ஸ் யெஸ்டர்டே" என்று சொல்லுங்கள். மகனுடைய வாக்கியம் காதுக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான்.

கேட்பவர்: மிக்க நன்றி, ரீச்சர். "யெஸ்டர்டே" என்று தொடங்கி எழுதினால் மதிப்பெண் குறையுமா?

நிலாவெளி ஆசிரியை: குறையாது. "யெஸ்டர்டே ஐ வென்ட் டு த மார்க்கெட் பை பஸ்" என்பதும் சரியே. இன்று போகவில்லை, நேற்றுத்தான் போனேன் என்று வேறுபடுத்தவோ நாட்குறிப்பைத் தொடங்கவோ அது பொருத்தமானது. "ஐ யெஸ்டர்டே வென்ட்" என்று மட்டும் எழுத வேண்டாம்.

கிண்ணியா வாசகர்: இடம் நீளமாக இருந்தால் என்ன செய்வது? "என் மாமி மரக்கறி விற்கும், கடற்கரைக்குப் பக்கத்திலுள்ள சந்தைக்கு" என்பதை முழுமையாக எழுதி முடித்த பிறகு "யெஸ்டர்டே" என்று சேர்த்தால், அவர் நேற்றுத்தான் விற்றார் என்று பொருள் மாறிவிடாதா?

நிலாவெளி ஆசிரியை: நல்ல கேள்வி, தம்பி. அவ்வளவு நீளமான இடத்தைக் கடைசிக்குத் தள்ளி, "யெஸ்டர்டே" என்பதை அதற்கு முன் வைப்பது ஆங்கிலத்தில் உண்டு. ஆனாலும் திருத்துபவர் எல்லோரும் அதை ஏற்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பரீட்சையில் காலத்தை முதலில் எழுதிவிடுவது பாதுகாப்பானது.