வெறும்பக்கத்தைக் களைவதா, ஒதுக்குவதா?

பத்திர எழுத்தர், திருமங்கலம்: பழைய கிரயப் பத்திரங்களின் நகல்கள் 120 தாள்களை இருபுறமும் ஸ்கேன் செய்தேன். 240 பக்கங்கள் வந்தன. பின்பக்கங்களில் பெரும்பாலானவை வெறுமை. ஒரே கோப்பாகச் சேர்க்குமுன் அவற்றைத் தானாக நீக்கும் வேலையை நம் கையேட்டில் ‘வெற்றுத்தாள் நீக்கம்’ எனலாமா?

தமிழாசிரியர், மேலூர்: தாள் வேண்டாம் ஐயா. முன்பக்கத்தில் எழுத்து இருக்கிறதே, தாளை எப்படி நீக்குவீர்கள்? ‘வெறும்பக்கக் களைவு’ என்று வையுங்கள். களை எடுப்பது நம் ஊருக்குச் சொல்லித் தர வேண்டாத வேலை. வழியும் எளிது: கோப்பின் அளவு குறைவாக உள்ள பக்கங்களை நீக்கினால் போதும்.

மலர் தயாரிப்பவர், உசிலம்பட்டி: எங்கள் ஆண்டுமலரில் ஒவ்வொரு பகுதியும் வலப்பக்கம் தொடங்க வேண்டும் என்று நாங்கள் வெறும்பக்கம் சேர்க்கிறோம். அதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

ஸ்கேன் மையம் நடத்துபவர், மதுரை: அது வேறு வேலை அம்மா, தனியாகப் பேசுவோம். ஆசிரியர் ஐயா சொன்ன வழி கறுப்பு வெள்ளை ஸ்கேனுக்குச் சரி. சாம்பல் நிற ஸ்கேனில் பழுப்பேறிய தாளின் புள்ளிகளே கோப்பைப் பெரிதாக்கிவிடும். வெறும்பக்கமும் எழுத்துப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். நான் ImageMagick என்ற மென்பொருளால் வெள்ளையின் பங்கை அளக்கிறேன்:

```
magick p-014.png -shave 60x60 -colorspace Gray \
  -threshold 60% -format "%[fx:mean]" info:
```

300 dpi ஸ்கேனில் 60 புள்ளி என்பது சுமார் 5 மி.மீ.; ஓர நிழல் அதோடு போய்விடும். மறுபக்க மை மங்கலாக ஊடுருவித் தெரிந்தால், 60% என்ற வரம்பு பெரும்பாலும் அதை வெள்ளையாக்கும். முழு வெறுமைக்கு விடை 1.

சிக்கல் இனிமேல்தான். கோப்பில் கோப்பதற்காகக் குத்திய 6 மி.மீ. துளைகள் இரண்டும் கறுப்பாக விழுந்தால், ஏ4 பக்கத்தில் அவை சுமார் 0.1 விழுக்காடு. விடை 0.999. பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் இருந்தாலும் விடை அதன் அருகில்தான் வரும். துளையை விட்டுவிடுமாறு விடையின் வரம்பைத் தளர்த்தினால் கையெழுத்தும் போகும். பத்திரத்தில் அது போகலாமா? அதனால் 0.998-க்கு மேல் வந்தவற்றை நான் அழிப்பதில்லை. தனி அடைவுக்கு மாற்றி, சிறு படங்களாக விரித்து, கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகே மீதியைச் சேர்க்கிறேன். பென்சில் குறிப்பு 60% வரம்பில் மறையக்கூடும். அதையும் அப்போதுதான் பிடிக்க முடியும். ஆகவே ‘வெறும்பக்க ஒதுக்கல்’ என்பதே என் சொல்.

தமிழாசிரியர், மேலூர்: அளவு பற்றி நான் சொன்னது பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு இறுதியாக நீக்குகிறீர்களே, அந்தப் படிக்குப் பெயர் களைவுதானே?

பத்திர எழுத்தர், திருமங்கலம்: இரண்டு படி என்றால் கையேட்டில் இரண்டு சொல்லும் இருக்கட்டும். நேற்று ஒதுக்கியவற்றைத் திறந்தேன். ஒரு பின்பக்கத்தின் அடியில் சாட்சியின் கைநாட்டு, மங்கிய ஊதா நிறத்தில். அந்தத் தாளைக் கையில் வைத்து ஸ்கேன் செய்தபோதுகூட என் கண்ணில் படவில்லை.